55 பிழையா, 101 பிழையா?

2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஜாமா’ இதழில் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கண்ணின் உட்புறத்தை எடுத்த படத்தைப் பார்த்து, சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருக்கிறதா இல்லையா என்று சொல்லும் கணினி நிரலைப் பற்றிய கட்டுரை அது. அந்த நிரலைப் பழக்க 1,28,175 படங்கள் பயன்பட்டன. அவற்றில் ஒரு பகுதி நம் ஊர்ப் பக்கத்துக் கண்கள்: மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் படங்கள் போயிருந்தன.

பழகிய நிரலைச் சோதிக்க, அது அதுவரை பார்த்திராத படங்கள் தேவை. அப்படி எடுத்துக்கொண்ட தொகுப்புகளில் ஒன்று, பிரான்ஸ் நாட்டு மருத்துவமனைகளில் எடுத்த ‘மெசிடோர்-2’. அதில் தெளிவாக இருந்த 1,745 படங்களை நிரலுக்குக் காட்டினார்கள், அதுவும் இரண்டு விதமான அமைப்பில். முதல் அமைப்பில் நிரல் ஏறத்தாழ 55 படங்களில் தவறியது. இரண்டாவது அமைப்பில் 101 படங்களில் தவறியது. நிரல் ஒன்றே, படங்களும் அவையே. ஆனால் ஒரு முகாமில் வைத்து மக்களைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் நான் இரண்டாவதைத்தான் கேட்பேன். கண் மருத்துவர்கள் பலரும் அதையே கேட்பார்கள் என்று நினைக்கிறேன். பிழைகளை மொத்தமாக எண்ணிப் பார்த்தால் இந்தத் தேர்வு கிறுக்குத்தனமாகத் தெரியும். அவற்றை வகை பிரித்து நான்கு கட்டங்களில் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். அந்த நான்கு கட்டங்களுக்குக் கணினித் துறையில் கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ் என்று பெயர். எதை எதுவாக நினைத்து நிரல் குழம்பியது என்பதைக் காட்டும் அட்டவணை.

இந்த அட்டவணையைக் கையாலேயே போடலாம். முதலில் ஒவ்வொரு படத்துக்கும் உண்மை விடை தெரிந்திருக்க வேண்டும். மெசிடோர்-2 படங்களைக் குறைந்தது 7 கண் மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து மதிப்பிட்டார்கள். பெரும்பான்மையோர் சொன்னதே உண்மை என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. கேள்வி இதுதான்: இந்தக் கண்ணை மேல்சிகிச்சைக்கு அனுப்பும் அளவுக்குப் பாதிப்பு இருக்கிறதா? லேசான பாதிப்பு இந்தக் கணக்கில் வராது. நடுத்தரப் பாதிப்பும் அதற்கு மேலும், அல்லது பார்வையின் மையப் பகுதியில் வீக்கமும் இருந்தால்தான் ‘ஆம்’. அந்த 1,745 படங்களில் 254க்கு விடை ‘ஆம்’. மீதி 1,491க்கு ‘இல்லை’.

இப்போது ஒவ்வொரு படமாக எடுத்து இரண்டு கேள்வி கேட்கிறோம். மருத்துவர்கள் என்ன சொன்னார்கள்? நிரல் என்ன சொன்னது? இரண்டு கேள்விக்கும் ஆம், இல்லை என்று இரண்டே பதில் இருப்பதால், எந்தப் படமும் நான்கு கட்டங்களில் ஏதோ ஒன்றில்தான் விழும். விழுந்த கட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே போனால், கடைசியில் நான்கு எண்ணிக்கைகள் மிஞ்சும். முதல் அமைப்பில் கிடைப்பவை இவை:

| | நிரல்: பாதிப்பு உண்டு | நிரல்: பாதிப்பு இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| உண்மையில் பாதிப்பு உண்டு | 221 | 33 | 254 |
| உண்மையில் பாதிப்பு இல்லை | 22 | 1,469 | 1,491 |

கட்டுரையின் சுருக்கத்தில் இந்த எண்ணிக்கைகள் இல்லை, சதவீதங்கள்தான் இருக்கின்றன. அவற்றிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எடுத்தவை இவை என்பதால், கீழ் வரிசையில் ஒரு படம் முன்னே பின்னே இருக்கலாம்.

கோவிட் காலத்தில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற சொற்கள் தெருவெல்லாம் புழங்கின. இங்கேயும் அதே பொருள்தான். பாசிட்டிவ் என்றால் பரிசோதனை ‘இருக்கிறது’ என்றது. நெகட்டிவ் என்றால் ‘இல்லை’ என்றது. அதற்கு முன்னால் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று சேர்த்துவிட்டால், சொன்னது சரியா தவறா என்பதும் தெரிந்துவிடும். மேலே 221 என்பது ட்ரூ பாசிட்டிவ்: இருந்தது, பிடித்தது. 33 என்பது ஃபால்ஸ் நெகட்டிவ்: இருந்தது, தவறவிட்டது. 22 என்பது ஃபால்ஸ் பாசிட்டிவ்: இல்லாததை இருக்கிறது என்றது. 1,469 என்பது ட்ரூ நெகட்டிவ்: இல்லை, இல்லை என்றே சொன்னது. ஆரம்பத்தில் சொன்ன 55 பிழை, 33ம் 22ம் சேர்ந்தது.

சரி விடைகளை மொத்தமாகக் கூட்டிப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். 221ம் 1,469ம் சேர்ந்தால் 1,690. அதை 1,745ஆல் வகுத்தால் 96.8 சதவீதம். இதை அக்யூரசி என்கிறார்கள். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் இந்த எண்தான். அது எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. படத்தைப் பார்க்கவே பார்க்காமல், எல்லோருக்கும் ‘ஒன்றும் இல்லை, போய்வாருங்கள்’ என்று சொல்லும் ஒரு நிரலை நினைத்துக்கொள்ளுங்கள். இதே தொகுப்பில் அது 1,491 படங்களில் சரியாகச் சொல்லியிருக்கும். அக்யூரசி 85.4 சதவீதம்! ஒரு நோயாளியைக்கூடக் கண்டுபிடிக்காத நிரல் 85 மதிப்பெண் வாங்குகிறது. நோய் எவ்வளவு அரிதோ அவ்வளவு மதிப்பெண் கூடும். நூற்றில் ஒருவருக்கு மட்டும் வரும் நோயென்றால் இந்தச் சோம்பேறி நிரல் 99 வாங்கிவிடும். யாராவது அக்யூரசியை மட்டும் சொன்னால், ‘எல்லோருக்கும் இல்லை என்றே சொன்னால் எவ்வளவு வரும்?’ என்று பதிலுக்குக் கேட்பது என் வழக்கம்.

அதனால் அட்டவணையை மொத்தமாகக் கூட்டாமல், ஒரு வரிசையை மட்டும் குறுக்காகப் படிக்க வேண்டும். மேல் வரிசை முழுக்கப் பாதிப்பு உள்ள கண்கள். 254 பேரில் 221 பேரைப் பிடித்திருக்கிறது. 221ஐ 254ஆல் வகுத்தால் 87.0 சதவீதம். இதுதான் ரீகால். மருத்துவ ஆய்வுகளில் இதே எண்ணை சென்சிடிவிட்டி என்று சொல்வார்கள். சூத்திரமாக எழுதினால்:

```
recall = TP / (TP + FN)
```

ரீகால் கேட்கும் கேள்வி நோயாளியின் பக்கத்திலிருந்து வருகிறது: எனக்குப் பாதிப்பு இருந்தால் இந்த நிரல் அதைக் கண்டுபிடிக்குமா? கீழ் வரிசையையும் இப்படியே படிக்கலாம். பாதிப்பில்லாத 1,491 கண்களில் 1,469ஐ நிம்மதியாக விட்டிருக்கிறது, 98.5 சதவீதம். அதற்கு ஸ்பெசிஃபிசிட்டி என்று பெயர். ஆய்வுக் கட்டுரை தந்தது இந்த இரண்டு எண்களைத்தான்.

இனி அதே அட்டவணையை மேலிருந்து கீழாகப் படிக்கலாம். முதல் பத்தி முழுக்க, நிரல் ‘பாதிப்பு உண்டு’ என்று சொன்ன கண்கள். 221ம் 22ம் சேர்ந்து 243. அவற்றில் உண்மையிலேயே பாதிப்பு உள்ளவை 221. வகுத்தால் 90.9 சதவீதம். இதுதான் பிரிசிஷன்.

```
precision = TP / (TP + FP)
```

இந்தக் கேள்வி வேறு இடத்திலிருந்து வருகிறது. நிரல் எச்சரித்து அனுப்பிய ஒருவர் தன் முன் வந்து உட்காரும்போது, கண் மருத்துவர் கேட்கும் கேள்வி இது: இந்த எச்சரிக்கையை எவ்வளவு நம்பலாம்? இரண்டு சூத்திரங்களுக்கும் மேலே இருப்பது ஒரே 221. கீழே இருப்பதுதான் மாறுகிறது. ஒன்றில் தவறவிட்டவர்கள் சேர்கிறார்கள், மற்றொன்றில் வீணாக அழைக்கப்பட்டவர்கள் சேர்கிறார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது, சதவீதத்தை மனப்பாடம் செய்யாமல் வகுக்கும் எண்ணைப் பாருங்கள் என்பதுதான். வகுப்பது நோயாளிகளின் எண்ணிக்கையா, எச்சரிக்கைகளின் எண்ணிக்கையா?

இரண்டாவது அமைப்புக்கு வருவோம். இந்த வகை நிரல் உண்மையில் ஆம், இல்லை என்று பேசுவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் 0க்கும் 1க்கும் நடுவே ஓர் எண்ணைத் தருகிறது. எந்த எண்ணுக்கு மேலே போனால் ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்வது என்பதை மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். அந்த எல்லைக்கோட்டை உயரத்தில் வைத்தால், நன்றாகத் தெரியும் பாதிப்புக்கு மட்டும் நிரல் எச்சரிக்கும். தாழ்த்தினால், சற்றே சந்தேகம் வந்தாலும் எச்சரிக்கும். கோடு தாழ்த்தப்பட்டபோது அதே 1,745 படங்களும் இப்படி விழுந்தன:

| | நிரல்: பாதிப்பு உண்டு | நிரல்: பாதிப்பு இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| உண்மையில் பாதிப்பு உண்டு | 244 | 10 | 254 |
| உண்மையில் பாதிப்பு இல்லை | 91 | 1,400 | 1,491 |

வலப்பக்க மொத்தங்கள் மாறவில்லை. மாறவும் முடியாது, நோயாளிகளின் எண்ணிக்கை நிரலைக் கேட்டு அமைவதில்லை. வரிசைக்குள்ளேதான் ஆட்கள் இடம் மாறியிருக்கிறார்கள். தவறவிட்டவை 33லிருந்து 10ஆகக் குறைந்துவிட்டன. ரீகால் 96.1 சதவீதம். அதற்கு விலையாக வீண் எச்சரிக்கைகள் 22லிருந்து 91ஆக ஏறிவிட்டன. பிரிசிஷன் 90.9லிருந்து 72.8க்கு இறங்கிவிட்டது. அக்யூரசியும் 94.2ஆகக் குறைந்துவிட்டது.

ஆக, 23 நோயாளிகளைக் கூடுதலாகக் கண்டுபிடிப்பதற்காக, பாதிப்பில்லாத 69 கண்களைக் கூடுதலாக மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறோம். ஒன்றுக்கு மூன்று. வீணாக அழைக்கப்பட்டவருக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும், கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்புவார்கள். தவறவிடப்பட்டவருக்கோ, விழித்திரையில் நடப்பது ஆரம்பத்தில் தெரியாது. வலி இருக்காது, பார்வையும் நன்றாகவே இருக்கும். தெரிய வரும்போது, போன பார்வையைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாலும் கடினம். இந்த இரண்டு பிழைகளும் ஒரே எடை உள்ளவை அல்ல. 55ஐ விட 101 மேலானது என்று நான் சொன்னது இதனால்தான்.

பிரிசிஷன், ரீகால் இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகத் தரும் எஃப்-1 என்ற அளவும் உண்டு. இரண்டில் எது குறைவோ அதை ஒட்டியே நிற்கும்படி எடுக்கும் சராசரி அது. கணக்கிட்டால் முதல் அமைப்புக்கு 0.889, இரண்டாவதற்கு 0.829. எஃப்-1 முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறது. அதற்கு இரண்டு பிழைகளும் ஒரே விலை. நிரல் போட்டிகளில் வரிசைப்படுத்த அது வசதியாக இருக்கலாம்; கண் பரிசோதனைக்கு எந்தக் கோடு நல்லது என்று அதைக் கேட்பது வீண்.

இந்த எல்லைக்கோட்டைச் சோதனைப் படங்களை வைத்தே பொறுக்கி எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1,745 படங்களுக்கும் விடை தெரிந்த பிறகு, எந்தக் கோட்டில் எண்கள் அழகாக வருகின்றன என்று தேடினால், வினாத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதிய கதைதான். மேலே சொன்ன ஆய்வில் இரண்டு கோடுகளையும் பழக்கும் கட்டத்துப் படங்களிலேயே முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே மெசிடோர்-2க்கு வந்தார்கள்.

‘ஒன்றுக்கு மூன்று’ என்ற விலை எல்லா ஊருக்கும் பொருந்துமா? பொருந்தாது. இந்த அட்டவணையில் நான் மிக முக்கியமாகக் கருதுவதும், பலர் கவனிக்காமல் விடுவதும் இதுதான்.

மெசிடோர்-2இல் நூற்றுக்குப் பதினைந்து கண்களில் பாதிப்பு இருந்தது. பொதுமக்களை அழைத்து நடத்தும் ஒரு முகாமில் அவ்வளவு இருக்காது. ஒரு பேச்சுக்கு, 10,000 கண்களில் 200இல் மட்டும் பாதிப்பு என்று வைத்துக்கொள்வோம். நிரலின் திறமை கொஞ்சமும் மாறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். கோடு உயரத்தில் இருக்கும் முதல் அமைப்பில், 200இல் 174ஐப் பிடிக்கும். பாதிப்பில்லாத 9,800இல் நூற்றுக்கு ஒன்றரை வீதம் 147 வீண் எச்சரிக்கை வரும். பிரிசிஷன் 54 சதவீதம். தாழ்த்திய இரண்டாவது அமைப்பில், 200இல் 192ஐப் பிடிக்கும். வீண் எச்சரிக்கை 598. மொத்தம் 790 பேரை அனுப்புகிறோம், அவர்களில் 192 பேருக்குத்தான் பாதிப்பு. பிரிசிஷன் 24 சதவீதம்.

பிரான்சில் 72.8 என்றிருந்த பிரிசிஷன் நம் கற்பனை முகாமில் 24க்கு விழுந்துவிட்டது. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. ரீகால் அதே 96தான். காரணம் அட்டவணையின் அமைப்பிலேயே இருக்கிறது. ரீகால் ஒரு வரிசைக்குள் மட்டும் எடுக்கும் விகிதம். அந்த வரிசையில் எத்தனை பேர் இருந்தாலும் விகிதம் அப்படியே நிற்கும். பிரிசிஷனோ இரண்டு வரிசைகளையும் தாண்டி ஒரு பத்தியில் எடுக்கும் விகிதம். மேல் வரிசையில் ஆட்கள் குறைந்து கீழ் வரிசையில் கூடினால் அது தானாகவே சரியும். பிரிசிஷனில் பாதி நிரலைப் பற்றிய செய்தி, மீதி அந்த ஊரைப் பற்றிய செய்தி. ஓர் இடத்தில் எடுத்த பிரிசிஷனை இன்னோர் இடத்துக்குச் சொல்லி விற்பவர்களிடம் கேட்க வேண்டியது, உங்கள் சோதனையில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு நோய் இருந்தது என்பதுதான்.

விலையும் ஏறிவிட்டது. கோட்டைத் தாழ்த்தியதால் முகாமில் கூடுதலாகக் கிடைத்தவர்கள் 18 பேர். அதற்காகக் கூடுதலாக வீண் அலைச்சல் பட்டவர்கள் 451 பேர். ஒன்றுக்கு இருபத்தைந்து. மெசிடோரில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது அமைப்பு என்று சொன்ன நான், இங்கே கொஞ்சம் யோசிப்பேன். அந்த மாவட்டத்தில் எத்தனை கண் மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஒருவர் ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்க முடியும், வீணாக வந்துபோனவர்கள் அடுத்த ஆண்டு பரிசோதனைக்கு வருவார்களா என்றெல்லாம் பார்த்த பிறகே கோட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய முடியும். அதை நிரலை எழுதியவரிடம் விட்டுவிட முடியாது.

ரீகால் எங்கே போனாலும் மாறாது என்று மேலே நான் எடுத்துக்கொண்டதும் ஒரு வசதிக்காகத்தான். முற்றிய பாதிப்பு உள்ளவர்கள் அதிகம் வரும் பெரிய மருத்துவமனையில் நிரலுக்கு வேலை எளிது. ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் அதிகம் வரும் முகாமில் கடினம். கேமரா மாறினாலும் எண்கள் மாறும். அதனால் புது இடத்துக்குப் போகும்போது, அந்த இடத்துப் படங்கள் சில நூறையாவது மருத்துவர்களிடம் காட்டி விடை வாங்கி, அட்டவணையை மறுபடி போடுவதே முறை.

கணினியில் இந்த அட்டவணையைப் போட, பைதான் மொழியில் இயங்கும் `scikit-learn` தொகுப்பைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். உண்மை விடைகள் ஒரு பட்டியலாகவும், நிரலின் விடைகள் ஒரு பட்டியலாகவும் இருந்தால் போதும். 1 என்றால் பாதிப்பு உண்டு, 0 என்றால் இல்லை.

```
from sklearn.metrics import confusion_matrix
tn, fp, fn, tp = confusion_matrix(y_true, y_pred).ravel()
print("recall", tp / (tp + fn))
print("precision", tp / (tp + fp))
```

இங்கே முதல் சறுக்கல், கட்டங்களின் வரிசை. இந்தத் தொகுப்பு 0ஐ முதலிலும் 1ஐ அடுத்தும் வைக்கும். அதனால் நாம் மேலே போட்ட அட்டவணை தலைகீழாக வரும்: இடது மேல் மூலையில் ட்ரூ நெகட்டிவ், வலது கீழ் மூலையில் ட்ரூ பாசிட்டிவ். மருத்துவப் பாடநூல்கள் பலவற்றில் பரிசோதனை முடிவை வரிசையிலும் உண்மையைப் பத்தியிலும் வைத்திருப்பார்கள். இதில் உண்மைதான் வரிசை. தலைப்பில்லாமல் நான்கு எண்களை மட்டும் யாராவது காட்டினால், எது எது என்று கேட்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது சறுக்கல் இன்னும் நுட்பமானது. அடைப்புக்குறிக்குள் உண்மைப் பட்டியலையும் நிரலின் பட்டியலையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால், கணினி எந்தப் பிழையும் காட்டாது. ஃபால்ஸ் பாசிட்டிவும் ஃபால்ஸ் நெகட்டிவும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் உட்கார்ந்துவிடும். ரீகால் என்று அச்சாவது பிரிசிஷனாக இருக்கும், பிரிசிஷன் என்று அச்சாவது ரீகாலாக இருக்கும். அக்யூரசியில் மட்டும் ஒரு மாற்றமும் இருக்காது என்பதால் சந்தேகமே வராது. கண்டுபிடிக்க எளிய வழி, வரிசைகளின் கூட்டுத்தொகை. நம் தொகுப்பில் பாதிப்புள்ள கண்கள் 254 என்று முன்பே தெரியும். `fn + tp` கூட்டினால் 254 வர வேண்டும். அதற்குப் பதிலாக 335 வந்தால், நீங்கள் கூட்டியது நோயாளிகளை அல்ல, எச்சரிக்கைகளை.

மூன்றாவது, எது பாசிட்டிவ் என்ற கேள்வி. இதே தொகுப்புடன் பயிற்சிக்கென்று வரும் மார்பகப் புற்றுநோய்த் தரவு ஒன்று இருக்கிறது, அமெரிக்காவின் விஸ்கான்சினிலிருந்து வந்தது. மொத்தம் 569 கட்டிகள். 212 புற்று, 357 சாதாரணக் கட்டி. அதில் புற்றுக்குக் கொடுத்திருக்கும் எண் 0, சாதாரணக் கட்டிக்கு 1. ரீகால் கணக்கிடும் `recall_score` கட்டளையோ, தனியாகச் சொல்லாவிட்டால் 1ஐத்தான் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்ளும். புற்றை எவ்வளவு பிடித்தோம் என்று நினைத்துக்கொண்டு, சாதாரணக் கட்டியை எவ்வளவு பிடித்தோம் என்று பார்த்துக்கொண்டிருப்போம். எல்லாக் கட்டியும் சாதாரணம் என்று சொல்லும் சோம்பேறி நிரலுக்கு இங்கே ரீகால் முழுதாக 1.0 கிடைக்கும், 212 புற்றையும் தவறவிட்ட பிறகும். `pos_label=0` என்று சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். ஆனால் சேர்க்க வேண்டும் என்பது நினைவில் இருக்க வேண்டுமே.

விடைகள் இரண்டுக்கு மேல் இருந்தாலும் அட்டவணை இதேதான், பெரிதாக இருக்கும். விழித்திரைப் பாதிப்பை ஐந்து நிலைகளாகப் பிரித்தால் ஐந்துக்கு ஐந்து, 25 கட்டங்கள். மூலைவிட்டத்தில் இருப்பவை சரி, மற்றவை பிழை. ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியே பிரிசிஷனும் ரீகாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் அட்டவணைக்குள் வந்தவர்களைப் பற்றியது. வராமல் போனவர்கள் யார்? மெசிடோர்-2இல் மொத்தப் படங்கள் 1,748; தெளிவில்லாத 3 படங்கள் விலக்கப்பட்டன. அது சிறிய விஷயம். அதே ஆய்வின் இன்னொரு தொகுப்பான ‘ஐபேக்ஸ்-1’இல் 9,963 படங்கள் இருந்தன. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் முழுத் தெளிவோடு இல்லாததால் மேலே சொன்ன வகைக் கணக்கில் சேரவில்லை. மங்கிய படம் என்பது சும்மா வருவதில்லை. கண்புரை இருந்தாலும், பாப்பா சுருங்கி இருந்தாலும், வயதானவர் அசையாமல் உட்கார முடியாவிட்டாலும் படம் மங்கும். அப்படிப்பட்டவர்களுக்கும் விழித்திரைப் பாதிப்பு இருக்கலாம். அவர்கள் எந்தக் கட்டத்திலும் இல்லை என்பதால், அவர்களைத் தவறவிட்டது ரீகாலில் தெரியாது.

கண்களை எண்ணுகிறோமா ஆட்களை எண்ணுகிறோமா என்பதும் இதனோடு சேர்ந்தது. மெசிடோர்-2இன் 1,748 படங்களும் 874 பேருடையவை, ஆளுக்கு இரண்டு கண். ஒருவருக்கு ஒரு கண்ணில் பாதிப்பைத் தவறவிட்டு, மறு கண்ணில் பிடித்துவிட்டால் அவர் எப்படியும் மருத்துவரிடம் போய்விடுவார். அட்டவணையில் அது ஒரு பிழையாகவே நிற்கும். ஆட்களை எண்ணிப் போட்டால் நான்கு எண்களும் வேறாக இருக்கும். தவறவிட்ட 10 என்பதும் மிகச் சிறிய எண்தான். 254 பேரில் 10 என்பது இன்னொரு 254 பேரில் 5ஆகவோ 18ஆகவோ இருந்திருக்கலாம். அதாவது 96.1 என்று எழுதியிருப்பதை ஏறக்குறைய 93க்கும் 98க்கும் இடையில் என்று படிப்பதே நியாயம்.

கூகுள் இந்த நிரலைப் பின்னர் தாய்லாந்தின் பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் 11 கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தது. 2020இல் வெளியான அந்த ஆய்வில், முதல் ஆறு மாதங்களில் நிரலுக்குள் போன 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று நிரலே ஏற்க மறுத்திருந்தது. சில கிளினிக்குகளில் இருட்டறை இல்லாததால் பாப்பா விரியவில்லை, படம் சரியாக விழவில்லை. மறுக்கப்பட்டவர்களைத் தூரத்து மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கிளினிக்குகளில் அட்டவணை போடுபவர் ‘உண்டு’, ‘இல்லை’ இரண்டுக்கும் பக்கத்தில் ‘படிக்க முடியவில்லை’ என்று மூன்றாவது பத்தி ஒன்றைச் சேர்க்க வேண்டும். ரீகாலை வகுக்கும்போது அந்தப் பத்தியில் இருக்கும் நோயாளிகளையும் கீழே சேர்த்துக்கொண்டே வகுக்க வேண்டும்.